முதல்நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலைச் சான்றுகள்: ஒரே கப்பலை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சான்று வகைகளுக்கு வரையறை சொன்னால் எல்லோருக்கும் புரிந்துவிடும். ஒரு ஆவணத்தைக் கையில் எடுத்து, "இதை வைத்து என்ன சொல்லலாம்?" என்று உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்கும். அதனால் இந்தப் பக்கம் முழுவதும் ஒரே நிகழ்வைத்தான் எடுத்திருக்கிறேன்: 1912 ஏப்ரல் 14 இரவு 11.40-க்குப் பனிப்பாறையில் மோதி, மறுநாள் அதிகாலை 2.20-க்கு மூழ்கிய டைட்டானிக். நேரில் பார்த்தவர்களின் சாட்சியம், விசாரணை அறிக்கைகள், புத்தகங்கள், கலைக்களஞ்சியங்கள், கடைசியில் கடலடியில் கிடக்கும் கப்பல் என்று எல்லா வகைச் சான்றும் இதில் உண்டு. எந்தச் சான்று சரி, எது தவறு என்று 73 ஆண்டுகள் கழித்துச் சரிபார்க்கவும் முடிந்தது. இப்படி ஒரு வாய்ப்பு ஆய்வாளர்களுக்கு அடிக்கடி அமைவதில்லை.

மூன்றுக்கும் என்ன வித்தியாசம்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

நிகழ்விலிருந்தே வந்தது முதல்நிலைச் சான்று. படகிலிருந்து பார்த்த மாலுமி சொன்னது, அன்றிரவு அனுப்பிய வயர்லெஸ் செய்தி, கப்பலின் வரைபடம், கடலடியில் கிடக்கும் இரும்பு எல்லாம் இதில் வரும். இப்படிப்பட்டவற்றைச் சேர்த்துப் படித்து, எடைபோட்டு, ஒரு முடிவு சொல்வது இரண்டாம் நிலை. வரலாற்று நூலும் ஆய்வுக் கட்டுரையும் அப்படிப்பட்டவை. அந்த முடிவுகளைத் தொகுத்துச் சுருக்கித் தருவது மூன்றாம் நிலை. கலைக்களஞ்சியம், பாடநூல், காலவரிசைப் பட்டியல், "தெரியுமா?" வகைத் துணுக்குகள் எல்லாம் இங்கே சேரும்.

முதல்நிலை என்றால் உயர்ந்தது, மூன்றாம் நிலை என்றால் மட்டமானது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். எண் காட்டுவது நிகழ்விலிருந்து எத்தனை கை மாறி வந்தது என்பதை மட்டும்தான். தரத்தை அது சொல்லாது.

ஒரே ஆவணம் ஓரிடத்தில் முதல்நிலை, இன்னோரிடத்தில் இரண்டாம் நிலை என்கிறார்களே, அது எப்படி?

நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். பிரிட்டனில் மெர்சி பிரபு தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 1912 ஜூலை 30 அன்று வெளியானது. "கப்பல் எப்படி மூழ்கியது?" என்பது உங்கள் கேள்வியானால் அது இரண்டாம் நிலை. மெர்சி கப்பலில் இல்லை, சாட்சிகளைக் கேட்டு எழுதினார். "இந்த விபத்தை பிரிட்டிஷ் அரசு தரப்பு எப்படிப் புரிந்துகொண்டது?" என்பது கேள்வியானால், அதே அறிக்கை முதல்நிலைச் சான்று ஆகிவிடும்.

செய்தித்தாளும் இப்படித்தான். விபத்துக்கு அடுத்த நாள் சில நாளிதழ்கள், பயணிகள் எல்லோரும் தப்பிவிட்டார்கள், கப்பலை ஹாலிஃபாக்ஸுக்கு இழுத்து வருகிறார்கள் என்று செய்தி போட்டன. கப்பலுக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள அந்தத் தாள் உதவாது. அன்று உறவினர்கள் என்ன நம்பிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

அதனால் ஆவணத்தின் தலையில் "முதல்நிலை" என்று முத்திரை குத்துவதற்கு முன்னால், கேள்வியை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

நேரில் பார்த்தவரே சொல்லும்போது அதற்கு மேல் என்ன வேண்டும்?

நேரில் பார்த்த இரண்டு பேர் நேர் எதிராகச் சொன்னால் என்ன செய்வது? டைட்டானிக்கில் அதுதான் நடந்தது.

கப்பல் இரண்டாக உடைந்து மூழ்கியதா, முழுதாகவே மூழ்கியதா? உயிர் தப்பியவர்களில் மிக மூத்த அதிகாரி சார்லஸ் லைட்டோலர். அமெரிக்க செனட் விசாரணையில் இதே கேள்வியை அவரிடம் கேட்டார்கள். முற்றிலும் முழுதாக இருந்தது என்று உறுதியாகப் பதில் சொன்னார். அதே விசாரணையில் எட்வர்ட் பியூலி என்ற மாலுமி, கப்பல் இரண்டாக ஒடிந்தது, முன்பாதி போய்விட்டது, பின்பாதி மட்டும் சிறிது நேரம் மிதந்தது, அதற்கு முன்னால் எதுவும் இல்லை என்றார். இன்னும் பல மாலுமிகளும் பயணிகளும் பியூலி சொன்னது போலவே சொன்னார்கள். 17 வயதுப் பயணி ஜாக் தேயர், லைட்டோலர் தொற்றிக்கொண்டிருந்த அதே கவிழ்ந்த படகின் மேல் இருந்தவர். அவர் விவரித்ததைக் கேட்டு, மீட்புக் கப்பலான கார்பேத்தியாவில் இன்னொருவர் வரைந்த படங்களில் கப்பல் இரண்டாக உடைகிறது.

இங்கே "யார் பொய் சொன்னார்?" என்று தேடினால் வழி தவறிவிடுவோம். ஒவ்வொரு சாட்சிக்கும் நான் தாளில் எழுதிப் பார்க்கும் விஷயங்கள் நான்கு: எங்கே இருந்தார், எதைப் பார்க்க முடியும், எப்போது சொன்னார், சொல்வதால் யாருக்கு என்ன ஆகும்.

லைட்டோலர் கப்பலின் முன்பகுதியிலிருந்து கடலுக்குள் போனவர். நீருக்கடியில் இழுக்கப்பட்டு, மேலே வந்து, கவிழ்ந்த படகைப் பிடித்தார். முதல் புகைபோக்கி அவருக்கு அருகிலேயே விழுந்தது. நிலா இல்லாத இரவு. உடையும் நேரத்தை ஒட்டிக் கப்பலின் விளக்குகளும் அணைந்துவிட்டன. அதற்கப்புறம் பின்பாதி செங்குத்தாக எழுந்து நின்றது. இருட்டில் அந்தக் கருநிழலை மட்டும் பார்த்த ஒருவர், முழுக் கப்பலும் தலைகீழாக நிற்கிறது என்று மனமார நம்பியிருக்க முடியும். பியூலியோ படகில் உட்கார்ந்து, சற்றுத் தொலைவிலிருந்து பார்த்தவர்.

இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. லைட்டோலர் சொன்னது "ஒன்று நடக்கவில்லை" என்ற வகை. பியூலி சொன்னது "இன்னது நடந்தது, இப்படித் தெரிந்தது" என்ற வகை. நடந்ததைத் தவறவிடப் பல காரணங்கள் உண்டு. முன்பாதி இல்லாமல் மிதக்கும் பின்பாதியை, அப்படி ஒன்று இல்லாதபோது தனித்தனி இடங்களில் இருந்த பலர் கண்டிருப்பது கடினம். மற்றவை சமமாக இருந்தால், "நான் கவனிக்கவில்லை" என்பதைவிட விவரத்தோடு சொன்ன "நான் கண்டேன்" கனமானது.

தேயரின் படங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். தேயர் பார்த்தார், வரைந்தவர் வேறு ஒருவர். ஆக அது ஒரு கை மாறிய சான்று. அந்தப் படங்களில் முன்பாதி மறுபடி மேலே வருவது போன்ற விவரங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வேறு ஆதரவு இல்லாமல் தேயர் தலையில் கட்ட முடியாது.

அப்படியானால் விசாரணை நடத்தியவர்கள் ஏன் தவறாக முடிவுகட்டினார்கள்?

1985-ல் கிடைத்த சிதைவு, கப்பல் இரண்டாக உடைந்திருந்ததைக் காட்டியது. அன்றைய இரண்டு அறிக்கைகளும் கப்பல் முழுதாக மூழ்கியதாகவே சொன்னன. ஆனால் சொன்ன விதத்தில் பெரிய வேறுபாடு உண்டு. இரண்டாம் நிலைச் சான்றைப் படிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

மெர்சியின் அறிக்கை, கப்பல் இரண்டாக உடையவில்லை என்று நேராகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. எதிராகச் சாட்சி சொன்னவர்கள் இருந்தார்கள் என்பதே அந்த இடத்தில் தெரியாது. செனட் அறிக்கை வேறு மாதிரி. உடைந்ததா என்பதில் முரணான சாட்சியங்கள் பல இருக்கின்றன என்று முதலில் ஒப்புக்கொள்கிறது. பிறகு, பெரும்பாலான சான்றின் எடை முழுதாக மூழ்கியது என்ற பக்கம் இருக்கிறது என்கிறது. முடிவு அதேதான், தவறும் அதேதான். ஆனால் செனட் அறிக்கையைப் படித்த ஒருவருக்கு மூலச் சாட்சியங்களைப் போய்ப் பார்க்க ஒரு கதவு திறந்திருந்தது.

எடைபோட்டதில் எங்கே சறுக்கினார்கள்? சாட்சியங்களைப் படித்தபின் என் கணிப்பு இது: பதவியை எடையாக எடுத்துக்கொண்டார்கள். அதிகாரி சொன்னதற்கு ஒரு மதிப்பு, சாதாரண மாலுமியும் பயந்துபோன பயணியும் சொன்னதற்கு வேறு மதிப்பு. கப்பலை ஓட்டுவது பற்றிய கேள்வியானால் அதிகாரியின் அனுபவத்துக்கு எடை உண்டு. இருட்டில் எதைக் கண்ணால் பார்த்தார் என்ற கேள்விக்கு அவர் இருந்த இடம்தான் முக்கியம், பதவிப் பட்டை உதவாது.

ஆக ஒரு வரலாற்று நூலையோ அறிக்கையையோ சான்றாக எடுக்கும்போது அதன் முடிவை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அது எதிர்ச் சான்றைக் காட்டுகிறதா, ஏன் அதைத் தள்ளியது என்று சொல்கிறதா என்று பாருங்கள். 1985-க்கு முன்னால் வந்த நூல்களில் பெரும்பாலானவை முழுதாக மூழ்கியதாகவே எழுதின. உயிர் தப்பிய பலரைத் தேடிப் பிடித்துக் கேட்டு எழுதி 1955-ல் வெளிவந்த புகழ்பெற்ற நூலும் அதற்கு விலக்கல்ல. சாட்சியப் பதிவுகள் அச்சில் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன.

சம்பவம் நடந்த உடனே சொன்னதுதான் நம்பத்தக்கதா? பல வருஷம் கழித்து எழுதியதை ஒதுக்கிவிடலாமா?

நினைவு மங்கும், கேட்ட கதைகளும் பார்த்தவற்றோடு கலக்கும். அதனால் பொதுவாக முந்தையதற்கே முதலிடம். மணி, எண்ணிக்கை, யார் எந்தப் படகில் இருந்தார் போன்ற விவரங்களுக்கு 1912 சாட்சியம் கையில் இருக்கும்போது 1940-களின் நினைவுக்குறிப்பை நம்ப வேண்டியதில்லை.

ஆனால் உடனே சொல்லும்போது ஒருவருக்கு வாய்ப்பூட்டும் இருக்கலாம். 1912-ல் லைட்டோலர் அந்தக் கப்பல் நிறுவனத்தின் ஊழியர். 1935-ல் எழுதிய நினைவுநூலில் அவரே, லண்டன் விசாரணையின்போது கையில் வெள்ளையடிக்கும் தூரிகையைப் பிடித்திருக்க வேண்டியிருந்தது, அதாவது குறைகளைப் பூசி மறைக்க வேண்டியிருந்தது என்ற பொருளில் எழுதினார். இது கப்பல் உடைந்ததா என்பதற்குச் சான்று ஆகாது. அந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், அப்படி அவர் எங்கும் சொல்லவில்லை. தன் 1912 சாட்சியம் எந்த மனநிலையில் கொடுக்கப்பட்டது என்பதற்கான சான்று அது. ஒரு நினைவுக்குறிப்பு, முந்தைய சான்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்லித்தரும் வேலையை இப்படித்தான் செய்கிறது.

பத்து ஆவணங்கள் ஒரே விஷயத்தைச் சொன்னால் உறுதி என்று எடுத்துக்கொள்ளலாமா?

பத்தும் எங்கிருந்து எடுத்தன என்று பார்த்த பிறகு மட்டும்.

டைட்டானிக் உதவி கேட்டு அனுப்பிய செய்தியில் அது இருந்த இடம் 41°46′ வடக்கு, 50°14′ மேற்கு என்று இருந்தது. நாலாம் அதிகாரி பாக்ஸ்ஹால் கணக்கிட்ட இடம். அந்த இரவில் பல கப்பல்களின் வயர்லெஸ் பதிவேடுகளில் இந்த எண் ஏறியது. அவ்வளவும் அதே நேரத்தில், அதே இரவில், தொழில் தெரிந்தவர்கள் கைப்பட எழுதியவை. எந்த அளவுகோலில் பார்த்தாலும் அருமையான முதல்நிலைச் சான்று. கார்பேத்தியாவின் தலைவர் ராஸ்ட்ரன், அந்த இடக்குறிப்பு மிகத் துல்லியமாக இருந்ததாகப் பாராட்டிச் சாட்சியும் சொன்னார்.

அந்த இடத்தில் கப்பல் இல்லை. சிதைவு கிடப்பது அங்கிருந்து கிழக்கே ஏறக்குறைய 13 கடல்மைல் தள்ளி.

பதிவேடுகள் எத்தனை இருந்தாலும் அவை ஒரே எண்ணின் நகல்கள். மாலையில் நட்சத்திரங்களை வைத்துக் குறித்த இடத்திலிருந்து, வேகத்தையும் திசையையும் நேரத்தையும் கொண்டு பாக்ஸ்ஹால் போட்ட ஒரு கணக்குக்கு அவை எல்லாம் எதிரொலி. அவற்றை வைத்து "டைட்டானிக் இந்த இடத்தைத் தெரிவித்தது" என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம். "டைட்டானிக் இந்த இடத்தில் இருந்தது" என்று சொல்ல அவை ஒரே ஒரு சான்று, அதுவும் ஒரு கணக்கு.

ராஸ்ட்ரன் சொன்னது தனிச் சான்று போலத் தோன்றும். அவர் வந்த வழியில், பாக்ஸ்ஹால் இருந்த படகிலிருந்து எரித்த பச்சை வெளிச்சங்களைப் பார்த்துத்தான் படகுகளை அடைந்தார். தென்கிழக்கிலிருந்து வந்ததால், குறித்த இடத்தை எட்டும் முன்பே படகுகள் வழியில் எதிர்ப்பட்டன. எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் சேர்ந்ததற்குக் கப்பலின் வேகம் காரணம் என்று எடுத்துக்கொண்டார்கள். 58 மைலை சுமார் மூன்றரை மணி நேரத்தில் கடந்ததாக அவர் கணக்கு. வகுத்துப் பாருங்கள், மணிக்கு 16 மைலுக்கு மேல் வரும். மணிக்கு 14 கடல்மைல் வேகத்துக்காகக் கட்டிய கப்பல் அது. இந்த எண் உறுத்தியிருக்க வேண்டும். முதல்நிலைச் சான்றை அதற்குள்ளேயே இருக்கும் கணக்கைக் கொண்டு சோதிப்பது என்றால் இதுதான்.

உண்மையாகவே தனிச் சான்று ஒன்று அப்போதே இருந்தது. மவுண்ட் டெம்பிள் என்ற கப்பலின் தலைவர் மூர், குறித்த இடத்துக்குப் போய்ச் சிதைவு எதையும் காணாமல், காலையில் சூரியனை வைத்துத் தன் இடத்தைத் தானே கணக்கிட்டார். டைட்டானிக் இன்னும் கிழக்கே இருந்திருக்க வேண்டும் என்று செனட் விசாரணையில் சொன்னார். ஒற்றைக் குரல், ஆனால் பாக்ஸ்ஹாலின் எண்ணிலிருந்து பிறக்காத குரல்.

கலைக்களஞ்சியத்தையும் பாடநூலையும் சான்றாகக் காட்டலாமா? எங்கள் ஆசிரியர் கூடவே கூடாது என்கிறார்.

எங்கே தேடுவது என்று தெரிந்துகொள்ளவும், யாரும் மறுக்காத அடிப்படைத் தகவலை உறுதிசெய்துகொள்ளவும் அவை நல்லவை. நான் எந்தப் புதுத் தலைப்புக்கும் முதலில் அங்கேதான் போகிறேன். ஒரு வாதத்தின் பாரத்தை அவற்றின் மேல் ஏற்றும்போதுதான் ஆபத்து. காரணம், சுருக்கும்போது சொற்கள் சற்றே நகரும், அந்த நகர்வு கண்ணுக்குத் தெரியாது.

டைட்டானிக்கின் பக்கத்தில் பனிப்பாறை 300 அடி நீளத்துக்குக் கிழித்துவிட்டது என்று பல பத்தாண்டுகளாகத் தொகுப்புநூல்களில் படித்திருப்பீர்கள். இதன் வேர் வரை போய்ப் பார்க்கலாம். மெர்சி அறிக்கையில் இருப்பது, சேதம் ஏறக்குறைய 300 அடி நீளத்துக்குப் பரவியிருந்தது என்ற வரி. "300 அடிக்குப் பரவிய சேதம்" என்பதும் "300 அடி நீளக் கிழிசல்" என்பதும் வேறு வேறு. பத்து கிலோமீட்டர் சாலையில் ஆங்காங்கே குழி இருப்பதும், பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே குழி இருப்பதும் ஒன்றா? சுருக்கி எழுதியவர்கள் கைகளில் முதலாவது இரண்டாவதாகிவிட்டது. அடுத்தவர் அதைப் பார்த்து எழுதினார், அவரைப் பார்த்து இன்னொருவர்.

இன்னும் ஒரு படி கீழே, சாட்சியத்துக்குப் போவோம். கப்பலைக் கட்டிய ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் எட்வர்ட் வைல்டிங், மெர்சி விசாரணையில் ஒரு கணக்கைச் சொன்னார். எந்தெந்த அறைகளில் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்று தப்பியவர்கள் சொன்னதை எடுத்துக்கொண்டு, அவ்வளவு நீர் உள்ளே வர எவ்வளவு பெரிய திறப்பு வேண்டும் என்று பார்த்தார். மொத்தம் சுமார் 12 சதுர அடி. ஒரு கதவின் பரப்பைவிடக் குறைவு. சேதம் பரவிய நீளத்தை அவர் சுமார் 200 அடி என்று எடுத்துக்கொண்டார். அது முழுக்க ஒரே கிழிசலாக இருந்திருந்தால், அதன் அகலம் ஏறக்குறைய முக்கால் அங்குலம்தான் வரும். இரும்புத் தகட்டில் அப்படி ஒரு சீரான கோடு விழ முடியாது, ஆகவே இடைவிட்டு இடைவிட்டுத்தான் திறந்திருக்க வேண்டும் என்றார்.

1996-ல் சேற்றில் புதைந்த முன்பாதியை ஒலியலைக் கருவியால் ஆராய்ந்தபோது தெரிந்தவை ஆறு மெல்லிய திறப்புகள். மொத்தப் பரப்பு வைல்டிங் சொன்னதை ஒட்டியே வந்தது. சரியான விடை 1912 முதல் அச்சில் இருந்தது. தொகுப்புநூல்கள் அங்கே போகவில்லை.

கூடாது என்று உங்கள் ஆசிரியர் சொல்வது இதற்காகத்தான் இருக்கும். கலைக்களஞ்சியத்தில் ஒரு எண்ணைப் பார்த்தால், அது எதன் எண், யார் அளந்தது என்ற இரண்டையும் கண்டுபிடிக்கும் வரை அதை உங்கள் கட்டுரையில் ஏற்றாதீர்கள்.

வைல்டிங் கப்பலில் இல்லையே. அவர் சொன்னது எந்த நிலை?

திறப்பின் அளவு பற்றி அது இரண்டாம் நிலை: பிறர் கண்டதை வைத்துப் போட்ட அனுமானம். கப்பலின் கட்டமைப்பு பற்றி அவர் சொன்னது முதல்நிலை, அதை வரைந்தவர்களில் ஒருவர் அவர். ஒரே மனிதர், ஒரே நாள், ஒரே கூண்டு.

பனிப்பாறை தகட்டைத் திறந்ததை நீருக்கடியில் யாரும் பார்க்கவில்லை. ஆகவே இந்தக் கேள்விக்குக் கண்ணால் கண்ட சாட்சியே கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில், என்ன தரவை எடுத்தேன், எப்படிக் கணக்கிட்டேன் என்று வெளிப்படையாகக் காட்டும் நிபுணர்தான் நமக்கு வேண்டும். வைல்டிங்கின் கணக்கை இன்றும் யாரும் மறுபடி போட்டுப் பார்க்கலாம்.

கப்பலே கிடைத்துவிட்டது. இனி சாட்சியங்களுக்கு என்ன வேலை?

1985 செப்டம்பர் 1 அன்று, பிரான்ஸின் ஜான் லூயி மிஷேலும் அமெரிக்காவின் ராபர்ட் பல்லார்டும் தலைமை தாங்கிய கூட்டுக் குழு சிதைவைக் கண்டது. சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் முன்பாதி ஓரிடம், பின்பாதி ஏறக்குறைய 600 மீட்டர் தள்ளி. பியூலியும் மற்றவர்களும் சொன்னது சரி என்று தெரிந்தது.

ஆனால் இரும்பு பேசாது. இரண்டு துண்டாகக் கிடக்கிறது என்பதை மட்டும் அது காட்டும். மேற்பரப்பில் உடைந்ததா, மூழ்கும் வழியில் உடைந்ததா என்பதை அந்தக் கிடப்பு தனியாகச் சொல்லாது. "பின்பாதி மட்டும் மிதந்தது" என்ற சாட்சியத்தோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் மேற்பரப்பில் உடைந்தது என்று சொல்ல முடிகிறது. எந்தச் சாய்வில் உடைந்தது, மேலிருந்து விரிந்ததா, அடியிலிருந்து நொறுங்கியதா என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது. 2005-ல் கப்பலின் அடித்தட்டின் இரண்டு பெரிய துண்டுகளை ஆராய்ந்தபோது அந்த விவாதம் புதிதாகக் கிளம்பியது. பொருளும் சாட்சியமும் ஒன்றின் இடைவெளியை மற்றொன்று நிரப்பும். ஒன்று வந்ததும் மற்றதைத் தூக்கிப்போட முடியாது.

மூலத்தை நான் பார்க்கவில்லை, ஒரு புத்தகத்தில் மேற்கோளாகப் பார்த்தேன். மூலத்தின் பெயரையே போடலாமா?

வேண்டாம். "பியூலி, செனட் விசாரணை, 1912, இன்ன நூலில் மேற்கோள் காட்டியபடி" என்று இரண்டையும் எழுதுங்கள். பார்க்காததைப் பார்த்ததாகக் காட்டினால், அந்த நூலாசிரியர் செய்த வெட்டும் ஒட்டும் உங்கள் பெயரில் ஏறிவிடும்.

முடிந்தால் மூலத்தையே திறந்து, மேற்கோளுக்கு முன்னும் பின்னும் சில கேள்விகளைப் படியுங்கள். பிரிட்டிஷ் விசாரணைப் பதிவில் ஒவ்வொரு கேள்விக்கும் எண் உண்டு, 25,000-க்கும் மேல். அந்த எண்ணைக் குறிப்பிட்டால் யாரும் நேராக அந்த வரிக்கே போகலாம். பதிவும்கூட சுருக்கெழுத்தர் கேட்டு எழுதியது என்பதை மறக்காதீர்கள். பெயர்களில் பிழை இருக்கும். "ஆம்" என்று மட்டும் ஒரு பதில் இருந்தால், முந்தைய கேள்வியில் வழக்கறிஞர் என்ன சொற்களை வாயில் வைத்தார் என்று பார்க்க வேண்டும். அந்தச் சொற்கள் சாட்சியுடையவை அல்ல.

முதல்நிலைச் சான்றில் இல்லை என்றால் அது நடக்கவில்லை என்று எழுதலாமா?

அதைக் கேட்டிருந்தார்களா என்று முதலில் பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பயணிகளைப் படகுகளிடம் போகவிடாமல் தடுத்தார்களா என்பது அன்றே எழுந்த கேள்வி. மெர்சி அறிக்கை அவர்கள் அநியாயமாக நடத்தப்படவில்லை என்று முடிவு சொன்னது. அந்தப் பயணிகள் சார்பில் ஆஜரான வழக்கறிஞரே, அப்படித் தடுத்ததற்குச் சான்று எதுவும் முன்வைக்கப்படவில்லை என்று ஒப்புக்கொண்டார். இந்த இரண்டு வரிகளும் நூல்களில் திரும்பத் திரும்ப வருகின்றன.

சாட்சிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் விசாரணை மூன்றாம் வகுப்புப் பயணி ஒருவரைக்கூடச் சாட்சியாக அழைக்கவில்லை. பயணிகள் தரப்பில் கூண்டேறியவர்கள் முதல் வகுப்பின் டஃப் கார்டன் தம்பதியர். அமெரிக்க விசாரணையில் மூன்றாம் வகுப்பினர் மூவர் பேசினார்கள். அவர்களில் டேனியல் பக்லி என்ற இளைஞர், மேலே ஏற முயன்றவர்களை ஒரு மாலுமி தடுத்துத் தள்ளியதாகவும் ஒரு சிறு கதவைப் பூட்டியதாகவும் சொன்னார். அது பதிவில் இருக்கிறது. "சான்று எதுவும் முன்வைக்கப்படவில்லை" என்ற வரி லண்டன் கூடத்துக்குள் நடந்ததைப் பற்றி மட்டும் உண்மை. அதை எடுத்துக் கப்பலின் படிக்கட்டுகளில் நடந்ததற்குச் சான்றாக வைக்க முடியாது.